கோப்பைத் திறக்கும் முன் ஒரு பென்சில் வரி

எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தின் படிப்பறையில், முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் இயலுக்காக நான் நான்கு மாதம் உட்காருவதாகத் திட்டம் போட்டிருந்தேன். உட்கார்ந்தது பதினான்கு மாதம். அந்தப் பதினான்கில் கடைசி ஆறு மாதம் இயலுக்குக் கொடுத்தது மிகக் குறைவு என்பதை, எழுதி முடித்த பிறகு அடிக்குறிப்புகளை எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். இயலில் உள்ள மேற்கோள்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, முதல் எட்டு மாதத்தில் எடுத்த குறிப்புகளிலிருந்து வந்தவை. பிந்தைய ஆறு மாதத்தில் உண்மையிலேயே பயன்பட்டவை ஏழு மனுக்கள். ஆனால் அந்த ஏழும் இல்லாவிட்டால் இயல் தவறான முடிவைச் சொல்லியிருக்கும். ஆகவே ‘சீக்கிரம் நிறுத்தியிருக்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு வழியில்லை. எங்கே நிறுத்தியிருக்க வேண்டும், அந்த இடத்தை அன்றைக்கே எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் கேள்வி சிறியது. சென்னை மாகாணத்தில், சர்க்கார் குடிகளிடமே நேராக நிலவரி வாங்கிய ரயத்துவாரிப் பகுதிகளில், 1852-க்கும் 1883-க்கும் இடையில், ஏரிகளின் சில்லறைப் பழுதுகளை யார் செய்தார்கள், யார் செய்ய மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள்? இந்த இரண்டு ஆண்டுகளையும் காரணத்தோடுதான் எடுத்துக்கொண்டேன். மாகாணத்தின் பொதுப்பணிகளை ஆராய்ந்த ஆணையர்களின் முதல் அறிக்கை 1852-இல் வந்தது. ஏரிகளை வரிசையாக அளந்து சீர்செய்யும் ஏரிப் புனரமைப்புத் திட்டம் 1883-இல் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவில் 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் இருக்கிறது. கரை உடையும் ஆபத்து நேரத்தில் உழைப்பாளிகளைக் கட்டாயமாக அழைக்கவும், ஊராரே கூடி உழைத்துப் பழுதுபார்க்கும் குடிமராமத்து வழக்கம் உள்ள ஊரில் வேலைக்கு வராதவரிடம் அந்த வேலையின் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூலிக்கவும் அது இடம் கொடுத்தது. ஆனால் அந்த இரண்டாவது அதிகாரம் ‘உள்ளூர் வழக்கம்’ என்ற சொற்களின் மேல் நின்றது. வழக்கம் இருந்தது என்று காட்டினால்தான் சட்டம் செல்லும். அப்படியானால் எது வழக்கம், அதை யார் சொல்வது? என் இயல் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியதுதான்.

மாகாணத்தின் நிலவரி நிர்வாகத்தைக் கவனித்த வருவாய் வாரியத்தின் நடவடிக்கைத் தொகுதிகளைப் படித்தவர்களுக்கு அந்த வலை எப்படி விரியும் என்பது தெரியும். ஆண்டுவாரியான சுட்டித் தொகுதியில் ‘பாசனம்’, ‘ஏரிகள்’, ‘மராமத்து’ ஆகிய தலைப்புகளைப் பார்த்து எண்களைக் குறித்துக்கொள்கிறோம். சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். தொகுதி வருகிறது. அதில் நாம் தேடிய நடவடிக்கையின் தலையிலேயே, வாரியம் இதற்கு முன் பார்த்த கடிதங்களின் எண்களும் தேதிகளும் வரிசையாக நிற்கின்றன. ஒரு கோப்பைக் கேட்டால் அது நான்கு கோப்புகளின் எண்ணைக் கையில் கொடுக்கிறது; அந்த நான்கும் தலைக்கு மூன்றோ நான்கோ கொடுக்கின்றன. இந்த அமைப்பில் ‘எல்லாவற்றையும் படித்துவிட்டேன்’ என்ற நிலை வரவே வராது. ஏனென்றால் பட்டியல் குறைகிற வேகத்தைவிட அது வளர்கிற வேகம் அதிகம். எட்டாம் மாத முடிவில் நான் படித்தவை 212 நடவடிக்கைகள். படிக்க வேண்டியவை என்று எழுதி வைத்திருந்தவை 260-க்கு மேல். முதல் மாதத்தில் அந்த இரண்டாவது எண் 90 ஆக இருந்தது.

என் நெறியாளர் இதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சரிம்மா, அந்த இருநூத்தி அறுபதுல முதல் கோப்புல என்ன இருக்கும்னு நினைக்கிற?”

“படிக்காம எப்படி சார் சொல்ல முடியும்?”

“முடியும்னா படிக்க வேண்டாம். முடியலைன்னா படி. பென்சில்ல எழுதி வெச்சுட்டுத் திற.”

அவர் இதை ஒரு முறை என்று கருதிச் சொன்னாரா, என் மேல் இருந்த சலிப்பில் சொன்னாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. மறுநாள் செய்து பார்த்தேன். தொகுதி மேசைக்கு வந்ததும் நாடாவை அவிழ்க்காமல், சுட்டியில் இருந்த ஒரு வரி விவரத்தையும் மாவட்டத்தையும் ஆண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கும் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதினேன். முதல் தாளில் எழுதியது இப்படி இருந்தது: ‘மழையில் கரை அரித்துவிட்டது. குடிகள் வேலைக்கு வரவில்லை என்று தாசில்தார் சொல்வார். வழக்கத்தை நிரூபிக்கச் சாட்சி இல்லாததால் சட்டப்படி நடவடிக்கை எடுக்க முடியவில்லை என்று கலெக்டர் சொல்வார். சர்க்கார் செலவில் பழுதுபார்க்கப் பணம் கேட்பார். வாரியம் மதிப்பீட்டில் ஏதோ ஒரு கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்பும்.’ பிறகு நாடாவை அவிழ்த்துப் படித்தேன். ஐந்தில் நான்கு சரியாக இருந்தன. தவறிய ஒன்று, வாரியம் திருப்பி அனுப்பாமல் பணத்தைக் கொடுத்துவிட்டது.

மூன்று வாரத்தில் இருபது கோப்புகளுக்கு இப்படி எழுதினேன். பதினேழில் சாரம் பிசகவில்லை. மீதி மூன்றில், ஒன்று சுட்டி எழுதியவரின் பிழையால் தவறான தலைப்பில் வந்திருந்த கோப்பு. உள்ளே இருந்தது ஏரிக்கரை மரங்களின் ஏலம். மற்றொன்று மீன் குத்தகை. மூன்றாவதில் மட்டும் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது; அதைப் பிறகு சொல்கிறேன். பதினேழு சரியாக வந்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. படித்தது போதும், எழுதலாம் என்று தோன்றியது. சரியாக அந்த இடத்தில்தான் நான் ஏமாந்திருக்க வேண்டியது.

எனக்கு ஏன் சரியாக ஊகிக்க முடிந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அந்த ஊர்களில் நடந்ததை நான் அறிந்துகொண்டேன் என்பதால் அல்ல. அந்த அலுவலர்கள் எப்படி எழுதுவார்கள் என்பதைக் கற்றுக்கொண்டேன் என்பதால். ஒரே மாவட்டத்தின் இரண்டு கோப்புகளை, இடையில் ஆறு ஆண்டு உள்ளவற்றை, அருகருகே வைத்துப் பார்த்தபோது, குடிகளின் ‘அசட்டை’ பற்றிய பத்தி ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தது. கலெக்டர் மாறியிருந்தார். அலுவலகத்தில் இருந்த பழைய நகலைப் பார்த்து எழுதும் குமாஸ்தா மாறவில்லை போலும். இருபது கோப்பு ஒரே விஷயத்தைச் சொன்னால் அது இருபது சாட்சி ஆகாது. ஒரு சாட்சியின் இருபது பிரதியாகவும் இருக்கலாம். ஓலைச்சுவடி பதிப்பித்தவர்களுக்கு இது பால பாடம். பத்துப் பிரதிகளில் ஒரே பாடம் இருந்தாலும், பத்தும் ஒரு தாய்ச்சுவடியிலிருந்து பெயர்த்து எழுதப்பட்டவை என்று தெரிந்தால் அதை ஒன்று என்றே கணக்கில் கொள்வார்கள். நான் அதைக் காகிதக் கோப்பில் மறந்துவிட்டேன்.

சமூக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேகரிக்கும் தரவு ஆய்வாளர் வகுத்த கருத்துக்கு எதையும் கூட்டாத நிலையைப் பார்னி கிளேசரும் அன்செல்ம் ஸ்டிராஸும் 1967-இல் வகுத்துச் சொன்னார்கள்; தமிழில் அதை நிறைவுநிலை எனலாம். எல்லா ஆய்வேடுகளின் முறையியல் பகுதியிலும் இந்தச் சொல் வந்துவிடுகிறது. ஆனால் அவர்கள் சொன்னதன் மறுபாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். அடுத்து யாரிடம் போவது என்பதை, இதுவரை தேறிய கருத்தை அதிகமாக ஆட்டிப் பார்க்கக்கூடிய இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போக வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. ஒரே தெருவில் ஐம்பது வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஊரே இப்படித்தான் என்று சொல்வது நிறைவுநிலை ஆகாது. நான் தட்டியது ஒரே தெரு. சுட்டியின் ‘பாசனம்’ என்ற தலைப்பு முழுவதும் அலுவலர்கள் மேலே எழுதிய கடிதங்கள்.

ஆகவே நிறுத்துவதற்கு முன் ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. என் முடிவு தவறு என்றால் அது எந்த வகைக் காகிதத்தில் தெரியும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தபோது வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அது அவ்வளவு வெளிப்படையானது. குடிகள் வேலைக்கு வரவில்லை என்று தாசில்தார் சொல்கிறார். அப்படியானால் குடிகளே எழுதிய மனுக்களைப் பார்க்க வேண்டும். ஊகம் தவறிய அந்த மூன்றாவது கோப்பில் இருந்ததும் அதுதான்: ஓர் ஊரார் கொடுத்த மனுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கலெக்டரின் கடிதத்துக்குப் பின்னால் இணைப்பாகத் தைக்கப்பட்டிருந்தது. சுட்டியில் மனுக்கள் தனித் தலைப்பில் வேறு பக்கத்தில் கிடந்தன. எட்டு மாதத்தில் ஒருமுறைகூட நான் அந்தப் பக்கத்துக்குப் போனதில்லை.

அந்த மனுவைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊரார் வேலைக்கு வர மாட்டோம் என்று அதில் சொல்லவில்லை. வரத்துக்கால் தூர் வாருவது, கரையில் மழை அரித்த பள்ளங்களுக்கு மண் போடுவது, கரையில் முளைத்த முள்ளை வெட்டுவது ஆகியவை தங்கள் வேலை என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஆண்டும் செய்ததாகச் சொல்கிறார்கள். மதகின் கல் வேலையும், மிகைநீர் வழியும் கலிங்கின் கட்டு வேலையும் ஒருநாளும் தங்கள் பொறுப்பாக இருந்ததில்லை என்பதும், கல் பெயர்ந்து கிடக்கும் மதகை விட்டுவிட்டுக் கரைக்கு மட்டும் மண் போட்டால் முதல் மழையிலேயே அந்த மண் ஏரிக்குள் போய்விடும் என்பதும் அவர்களுடைய வாதம். தாசில்தாரின் கடிதத்தில் இது முழுவதும் ‘குடிகள் வேலைக்கு வரவில்லை’ என்ற ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது.

இதற்குப் பிறகு ஆறு மனுக்களைத் தேடி எடுத்தேன். வேண்டுமென்றே வெவ்வேறு மாவட்டங்களிலிருந்தும், பஞ்சத்துக்கு முன் மூன்று, 1876–78 பஞ்சத்துக்குப் பின் மூன்று என்றும் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பென்சில் வரி எழுதினேன். முதல் இரண்டில் தவறினேன். மூன்றாவதில் பாதி சரி. கடைசி மூன்றிலும் ஊரார் கோடு எங்கே போடுவார்கள் என்பது சரியாகத் தெரிந்தது. மண் வேலைக்கும் கல் வேலைக்கும் நடுவில்தான் அந்தக் கோடு. என் இயலின் மையவாக்கியம் அன்றைக்கு மாறியது. ‘குடிமராமத்து வழக்கம் சிதைந்து, குடிகள் உழைப்பைத் தர மறுத்தார்கள்’ என்று முதலில் எழுதி வைத்திருந்தேன். ‘வழக்கத்தின் எல்லை எது என்பதில் அலுவலர்களும் குடிகளும் மாறுபட்டார்கள், மறுப்பு என்று பதிவானவற்றில் ஒரு பகுதி இந்த மாறுபாடு’ என்று அதை அடித்து எழுதினேன். ‘ஒரு பகுதி’ என்ற சொற்களைச் சேர்ப்பதற்கு ஒரு நாள் யோசித்தேன். ஏழு மனுவை வைத்துக்கொண்டு அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இங்கே நிறுத்தினேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ஜமீன் பகுதிகள் என்னை இன்னும் இரண்டு மாதம் இழுத்துச் சென்றன. இராமநாதபுரம், சிவகங்கை என்று ஏரிகளும் கண்மாய்களும் நிறைந்த சீமைகள் ஜமீனில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு ஏரிப் பழுது பற்றி எழுதலாமா என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் கேட்டுவிட்டார். உடனே அந்தக் கோப்புகளைக் கேட்கத் தொடங்கினேன். அங்கே பென்சில் வரி எதுவுமே பலிக்கவில்லை. ஏனென்றால் அது வேறு கேள்வி. ஜமீனில் பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது என்ற வழக்கு ஜமீன்தாருக்கும் குடிக்கும் நடுவில் நடப்பது. அதைச் சட்டம் விரிவாகக் கையாண்டது 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டத்தில். அது என் காலத்துக்கு 25 ஆண்டு பிந்தியது. ஊகம் தொடர்ந்து தவறுவதற்கு இரண்டு பொருள் உண்டு என்பதை இந்த இரண்டு மாதத்தைச் செலவழித்துக் கற்றேன். ஒன்று, நமக்கு இன்னும் தெரியாது, ஆகவே படிக்க வேண்டும். மற்றது, நாம் வேலியைத் தாண்டிப் பக்கத்து வயலில் நிற்கிறோம். இரண்டாவதற்கு மருந்து படிப்பது அல்ல. தலைப்பில் ‘ரயத்துவாரிப் பகுதிகளில்’ என்ற சொற்களைச் சேர்த்து, முன்னுரையில் ஏன் ஜமீனை விட்டேன் என்பதற்கு நான்கு வரி எழுதுவது. கேட்டவருக்கு அந்த நான்கு வரியே பதில்.

எழுத உட்கார்ந்த பிறகு நடந்தது நான் எதிர்பார்க்காதது. முதல் பத்து நாளில் பதினெட்டுப் பக்கம் வந்தது. அவற்றில் பதினொரு இடத்தில் கட்டம் போட்டு விட்டிருந்தேன். ‘இரு மடங்குத் தொகையை எந்தக் கணக்கில் வரவு வைத்தார்கள்?’, ‘கலிங்கு உயரத்தைக் கூட்டச் சொன்ன மனு எந்த ஆண்டு?’, ‘வழக்கத்துக்குச் சாட்சி சொன்னவர் கர்ணமா, நாட்டாண்மையா?’ என்பவை அவற்றில் சில. பதினான்கு மாதம் படித்தும் இவை எனக்குக் கேள்வியாகவே தோன்றியதில்லை. வாக்கியம் ஒன்றை முடிக்க முயன்று, முடிக்கச் சொல் கிடைக்காதபோதுதான் தோன்றின. அந்தப் பதினொன்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி எழும்பூருக்குப் போனேன். நான்கு நாளில் எட்டுக்கு விடை கிடைத்தது. மூன்றுக்குக் கிடைக்கவில்லை; அந்த மூன்று வாக்கியங்களையும் விடை இல்லாமலே நிற்கும்படி மாற்றி எழுதினேன். சீட்டு வாங்கிக்கொள்ளும் ஊழியர் சிரித்துவிட்டார்: “என்ன மேடம், இந்தத் தடவை மதியமே கிளம்பிட்டீங்க?”

மிக முன்னதாக எழுதத் தொடங்குவதன் கேட்டையும் நான் பார்த்திருக்கிறேன். முதுகலை முடித்த கையோடு எழுதிய ஒரு கட்டுரையை ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. மதிப்பீட்டாளர் நீளமாக எதுவும் எழுதவில்லை. ஆறாம் பக்கத்திலிருந்து ஒன்பதாம் பக்கம் வரை எல்லா அடிக்குறிப்பும் ஒரே மாவட்டக் கையேட்டைச் சுட்டுகின்றன என்று மட்டும் சொல்லியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, எண்ணிப் பார்த்தேன், பதினாறில் பதினைந்து. அன்றிலிருந்து வரைவு முடிந்ததும் நான் முதலில் செய்வது, அடிக்குறிப்புகளை மட்டும் தனியே அச்செடுத்துப் பார்ப்பது. ஒரே தொகுதி, ஒரே கலெக்டர், ஒரே ஆண்டு தொடர்ந்து ஐந்தாறு முறை வந்தால் அந்தப் பத்தி இன்னும் என்னுடையது ஆகவில்லை, நான் ஒருவரின் பேச்சைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். அங்கே மட்டும் படிப்பு போதவில்லை. இயல் முழுவதற்கும் மறுபடி படிக்கப் போக வேண்டியதில்லை.

சுவடிகளைப் பற்றிச் சொன்னதால் உ.வே.சாமிநாதையரின் நினைவு வருகிறது. சீவகசிந்தாமணியை அவர் 1887-இல் அச்சிட்டபோது தமிழ்நாட்டில் உள்ள எல்லாப் பிரதிகளும் தம் கைக்கு வந்துவிட்டன என்று அவர் எண்ணியிருக்க முடியாது. ஆனால் சமண சமயச் செய்திகளைத் தெரிந்துகொள்ளாமல் அவர் அச்சுக்குப் போகவில்லை. கும்பகோணத்துச் சமணர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். பிரதி சேர்ப்பதில் ஓர் இடத்தில் நிறுத்தினார், பொருள் விளங்கும்வரை கேட்பதில் நிறுத்தவில்லை. இரண்டாம் பதிப்பு 1907-இல் வந்தது. நடுவில் இருபது ஆண்டு. அந்த இருபது ஆண்டும் முதல் பதிப்பு படிப்பவர் கையில் இருந்தது. மணிமேகலை 1898-இல்தான் வந்தது, பௌத்த மதச் செய்திகள் அவருக்குத் தெளிவாக வேண்டியிருந்ததால். ஒரே ஆள் இரண்டு நூலுக்கு இரண்டு இடத்தில் நிறுத்தியிருக்கிறார். எத்தனை பிரதி என்ற கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இது புரியாது; அரும்பதத்துக்குக் குறிப்பு எழுத முடிகிறதா என்பதை வைத்துப் பார்த்தால் புரிகிறது.

இயலைக் கொடுத்துவிட்ட பிறகு, கேட்டு வைத்துப் படிக்காமல் விட்ட கோப்புகளின் எண்களை ஒரு பழுப்பு உறையில் போட்டு வைத்தேன். முக்கியமானவை என்று தோன்றியவை மட்டும் 31. போன கோடையில் எழும்பூரில் வேறு வேலையாக இருந்தபோது, கை அரித்து, அதில் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பழைய பழக்கத்தில் பென்சில் வரியும் எழுதினேன். கரை, தாசில்தார், வழக்கம், பணம் எல்லாம் சரி. இணைப்பில் ஒரு மனு இருந்தது. அதில் ஊரார் மதகின் கல் வேலையைத் தாங்களே முன்பு ஒருமுறை செய்ததாகவும், அதற்குச் சர்க்கார் தரவேண்டிய பணம் வரவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். புத்தகமாக வரும்போது 47-ஆம் அடிக்குறிப்பில் இரண்டு வரி சேரும். ‘ஒரு பகுதி’ என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. மீதி முப்பதையும் உறையிலேயே வைத்திருக்கிறேன்.